தகரப்பெட்டியில் கிடந்த மூன்று காகிதங்கள்

உங்கள் வீட்டுப் பரணில், தாத்தா விட்டுச் சென்ற பழைய தகரப்பெட்டி ஒன்று இருக்கிறதா? இருந்தால், அதைக் காகிதக் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள்.

போன பள்ளி விடுமுறையில், பத்தாங் காலிக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் அப்படி ஒரு பெட்டியை என் வீட்டிற்குத் தூக்கி வந்தான். லயத்தைக் காலி செய்துவிட்டு, பட்டணத்து அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபோகிறார்கள். அந்த வீட்டில் பெட்டி வைக்க இடமில்லை. பழம்பொருள் வாங்கும் ஒருவர், உள்ளே இருப்பதை ஒரு நோட்டம் பார்த்துவிட்டு, “எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐம்பது வெள்ளி” என்று சொல்லியிருக்கிறார். “கொடுத்துவிடலாமா சார்?” என்று கேட்டான். பாட்டி மட்டும், “அதில் என் காகிதம் ஒன்று இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். எந்தக் காகிதம் என்று கேட்டால், கண் தெரியாத அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நானும் அவனும் மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தோம். பெரும்பாலானவை பழைய ரசீதுகளும் கடிதங்களுமே. அவற்றிற்கிடையே மூன்று காகிதங்கள் எங்களை நிறுத்தின. ஒரு சிகரெட் அட்டை, ஒரு தீப்பெட்டி லேபல், ஒரு சினிமா நோட்டீஸ். இந்த மூன்றையும் வைத்தே, பழைய காகிதத்தின் வயதையும் தரத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை உங்களுக்குச் சொல்கிறேன்.

சிகரெட் அட்டை

முதலில் கையில் எடுத்தது, சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு வண்ண அட்டை. முன்பக்கம் புகைவண்டி இயந்திரம். பின்பக்கம் அந்த இயந்திரத்தைப் பற்றிச் சிறிய எழுத்தில் விளக்கம், ஒரு வரிசை எண், 'வில்ஸ்' என்ற கம்பெனியின் பெயர்.

இந்த அட்டைகள் தொடக்கத்தில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே வைக்கப்பட்ட வெறும் அட்டைத்துண்டுகள். பிறகு அதில் படம் அச்சிட்டால் வாங்குகிறவர் அதே சிகரெட்டையே மறுபடியும் தேடி வருவார் என்று வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். 25 அல்லது 50 படங்கள் ஒரு வரிசை. முழு வரிசையும் சேரும் வரை ஆசை விடாது!

இதன் வயதைக் கணக்கிட உலகப் போர்கள் இரண்டும் நமக்கு உதவுகின்றன. முதல் உலகப் போரில் காகிதப் பஞ்சம் வந்ததால், பிரிட்டிஷ் கம்பெனிகள் 1917-இல் இந்த அட்டைகளை நிறுத்தின. 1922 வாக்கில் மீண்டும் தொடங்கின. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், மறுபடியும் நிறுத்தின. அதன் பிறகு அந்தப் பழைய வழக்கம் முன்போல் திரும்பவில்லை. ஆகவே, பிரிட்டிஷ் சிகரெட் கம்பெனியின் பெயர் பின்னால் இருக்கும் அசல் அட்டை பெரும்பாலும் 1940-க்கு முற்பட்டது. கம்பெனிப் பெயரே இல்லாமலோ, தேயிலையின் பெயரோ மிட்டாயின் பெயரோ இருந்தாலோ, அது பிற்காலத்து அட்டையாக இருக்கலாம். எனவே எப்போதும் பின்பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். முன்பக்கத்துப் படம் அழகைக் காட்டும். பின்பக்கம்தான் வயதைச் சொல்லும்.

எங்கள் அட்டையின் பின்புறத்தில் பசை தடவியிருந்தது. தபால் தலையைப் போல் நனைத்து ஆல்பத்தில் ஒட்டுவதற்காக 1930-களில் வந்த ஏற்பாடு அது. வில்ஸ் கம்பெனி 50 புகைவண்டி இயந்திரங்களைக் கொண்ட அத்தகைய வரிசை ஒன்றை 1936-இல் வெளியிட்டது. எங்கள் அட்டை அந்த வரிசையைச் சேர்ந்தது. தாத்தாவின் தகப்பனார் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவராம். அட்டை வந்த வழியும் புரிந்துவிட்டது.

இப்போது சிலர் பழைய வரிசைகளை மறுபடியும் அச்சடித்து விற்கிறார்கள். அவற்றைப் பிரித்தறிய இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, பூதக்கண்ணாடி. இக்கால அச்சில் எல்லா வண்ணமும் நான்கே மைகளின் நுண்புள்ளிகளால் ஆனவை. அவை ஒழுங்கான சின்னச் சின்ன வட்டங்களாக நிற்கும். பழைய கல்லச்சுப் படத்தில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். தனித்தனி வண்ண மைகளும் தெரியும். ஆனால் 1930-களிலேயே சில அட்டைகள் ஒழுங்கான புள்ளி அச்சில் வந்ததால், இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பிவிடக் கூடாது. இரண்டாவது, கடைக்காரர்கள் கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் ஊதா விளக்கு. ஏறத்தாழ 1950-க்குப் பிறகு காகிதத்தை வெளுப்பாகக் காட்ட ஒரு ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். இருட்டில் அந்த விளக்கைப் பிடித்தால், அத்தகைய காகிதம் நீலமாகப் பளிச்சிடும். 1936-ஆம் ஆண்டு அட்டை அப்படிப் பளிச்சிடக் கூடாது. எங்கள் அட்டை மங்கலாகவே கிடந்தது. நல்ல அடையாளம்! ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். பளிச்சிட்டால் அது புதியது என்று சொல்லலாம். பளிச்சிடாவிட்டால் பழையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்றும் அந்த ரசாயனம் சேராத காகிதம் கிடைக்கத்தான் செய்கிறது.

தரம் பார்ப்பது எப்படி?

வயது தெரிந்தால் மட்டும் போதாது. ஒரே வரிசையைச் சேர்ந்த, ஒரே எண்ணுள்ள இரண்டு அட்டைகளில் ஒன்றைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவார்கள். மற்றதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். காரணம், தரம்.

சேகரிப்பவர்கள் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாகப் பெயர் சூட்டினாலும், நமக்கு நான்கு படிகள் போதும். அச்சகத்திலிருந்து இன்று வந்தது போல் இருப்பது முதல் தரம். முனைகளில் மட்டும் லேசான தேய்மானம் இருந்தால் இரண்டாம் தரம். மடிப்புக் கோடு, கறை, மழுங்கிய முனை இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் மூன்றாம் தரம். கிழிசல், ஓட்டை, வெட்டிய ஓரம், எழுத்து மறைந்த பின்பக்கம் இருந்தால் நான்காம் தரம்.

இதில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, நல்லதையும் கெட்டதையும் கூட்டிச் சராசரி எடுப்பது. 'மூன்று முனை நன்றாக இருக்கிறது, ஒரு முனைதான் மடிந்திருக்கிறது. ஆகவே இரண்டாம் தரம்' என்று எழுதிவிடுவார்கள். அப்படிக் கணக்கிடக் கூடாது. இருப்பதிலேயே மோசமான குறை எதுவோ, அதுவே தரத்தைத் தீர்மானிக்கும். மடிப்பைக் கண்டுபிடிக்க, அட்டையை நேராகப் பார்க்காமல், விளக்கின் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நேரே பார்த்தால் தெரியாத கோடு, சாய்த்தால் பளபளவென்று தெரியும்.

எங்கள் புகைவண்டி அட்டையின் முன்பக்கம் முதல் தரம்தான். ஆனால் நம் நாட்டு ஈரக் காற்றில் பின்பக்கப் பசை இளகி, பெட்டியின் தகரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ இழுத்துப் பிரித்ததில் பின்பக்கத்தில் இரண்டு வரி பிய்ந்து போயிருந்தது. ஆகவே நான்காம் தரம். மாணவனின் முகம் வாடிவிட்டது. ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதினால்தான், வாங்குகிறவர் திருப்பி அனுப்ப மாட்டார்.

தீப்பெட்டி லேபல்

அடுத்தது, சிவகாசித் தீப்பெட்டி லேபல் ஒன்று. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததையும், அதிலிருந்து அந்த ஊர் தீப்பெட்டிக்கும் அச்சுக்கும் பேர் பெற்றதையும் உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தீப்பெட்டிக்கு லேபல் அடிக்கப் போய்த்தான் அங்கே அச்சகங்கள் பெருகின.

இந்த லேபலை ஊரிலிருந்து ரஜூலா கப்பலில் வந்த உறவினர் கொண்டு வந்ததாகக் குடும்பத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். வாய்வழிச் செய்தியை மதிக்க வேண்டும். ஆனால் அதையே சாட்சியாக வைக்கக் கூடாது. லேபலையே கேட்போம்.

அதில் விலை 'நயா பைசா'வில் அச்சாகியிருந்தது. அது போதும்! இந்தியாவில் அணாக் கணக்கு போய்ப் புதுக் காசுக் கணக்கு வந்தது 1957 ஏப்ரல் 1-ஆம் நாள். பழைய பைசாவோடு குழப்பம் வராமலிருக்க அதை 'நயா பைசா' என்றார்கள். 1964 ஜூன் 1-ஆம் நாள் 'நயா' என்ற சொல்லை நீக்கி, வெறும் 'பைசா' ஆக்கிவிட்டார்கள். ஆகவே இந்த லேபல் ஏறத்தாழ அந்த ஏழு ஆண்டுகளுக்குள் அடித்தது. அணாவில் விலை இருந்தால் அதற்கு முன். வெறும் பைசா என்றால் அதற்குப் பின். அச்சடித்த பழைய லேபலை வீணாக்காமல் சில மாதங்கள் கூடுதலாக ஒட்டியிருப்பார்கள். அந்தச் சிறு இடைவெளியை மட்டும் விட்டுக் கொடுங்கள்.

நம் மலேசியாவில் கிடைக்கும் லேபல்களுக்கும் இதே போன்ற அடையாளங்கள் உண்டு. 'மலாயா' என்றிருந்தால், பெரும்பாலும் 1963 செப்டம்பரில் மலேசியா அமைவதற்கு முன் அடித்ததாக இருக்கும். 'சாப்' என்ற மலாய்ச் சொல், அதாவது முத்திரை, லேபலில் அடிக்கடி வரும். 1972 ஆகஸ்டில் மலாய் எழுத்துமுறை மாறியது. அதற்கு முன் அந்தச் 'சா'வை எழுத ஆங்கிலத்தின் 'சி', 'எச்' என்ற இரண்டு எழுத்துகளையும் சேர்த்துப் போட்டார்கள். அதற்குப் பின் 'சி' மட்டும்தான். இதை நினைவில் வையுங்கள். மூன்றாவது காகிதத்திற்கும் இதுதான் உதவப் போகிறது.

ஒரு பொறியும் இருக்கிறது. பழைய சுவீடன் லேபல்களில் பதக்கங்களும் அவற்றின் ஆண்டும் அச்சாகியிருக்கும். அது கம்பெனி பரிசு வாங்கிய ஆண்டே தவிர, லேபல் அடித்த ஆண்டல்ல. ஒரு முறை வாங்கிய பதக்கத்தைப் பல பத்தாண்டுகளுக்கு லேபலில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டைக் காட்டி, 'நூற்றைம்பது வருடத்து லேபல்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

லேபலுக்குத் தரம் போடும்போது இன்னொரு கேள்வியும் உண்டு: இது பெட்டியில் ஒட்டப்பட்டதா, ஒட்டப்படாததா? அச்சகத்திலிருந்து நேரே வந்து ஒட்டப்படாமல் இருந்தால் பின்பக்கம் சுத்தமாக இருக்கும். ஒட்டி எடுத்ததானால் பசைத் தடமோ மரச்சீவலின் வரியோ தெரியும். இரண்டுமே சேகரிக்கத் தக்கவை. ஆனால் எது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் லேபல் ஒட்டி எடுத்தது. அதோடு ஒரு பக்க ஓரத்தை யாரோ கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார்கள். ஓரம் கசங்கியிருந்ததால் அழகுபடுத்த எண்ணியிருக்கலாம். அந்த ஒரு வெட்டினால் மூன்றாம் தரம் நான்காம் தரமாகிவிட்டது.

உங்களிடம் பழைய மரச்சீவல் பெட்டி லேபலோடு இருந்தால் பிய்க்காதீர்கள். நானும் சிறு வயதில் அப்படிப் பிய்த்துப் பல லேபல்களைப் பாழாக்கியவன்தான். மிஞ்சியதை மைதாப் பசையால் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டினேன். பசைக்கு வந்த பூச்சி லேபலையும் சேர்த்துத் தின்றுவிட்டது. பெட்டியோடு வைத்திருப்பதே நல்லது. பெட்டி நொறுங்கிப் போய், எடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் ஈரப் பஞ்சை லேபலின் ஒரு முனையில் மெதுவாக ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் சாயம் ஏறினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால், வெதுவெதுப்பான நீரில் படம் மேலே இருக்கும்படி மிதக்க விடுங்கள். கஞ்சிப் பசையானால் கால்மணி நேரத்தில் இளகி, லேபல் தானே நழுவும். நழுவாவிட்டால் இன்னும் சற்று நேரம் ஊறட்டும், நகத்தால் சுரண்டாதீர்கள். பிறகு வெள்ளைத் துணிகளுக்கிடையே வைத்து, மேலே கனமான புத்தகத்தை வைத்து உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும்.

சினிமா நோட்டீஸ்

மூன்றாவதாக, எட்டாக மடித்த ஒரு ரோஜா வண்ணக் காகிதம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டிய ஒரு படத்தின் நோட்டீஸ். படம், மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த 'எங்க வீட்டுப் பிள்ளை'. கீழே, 'சனிக்கிழமை, ஜூலை 9, இரவு 8 மணி'. ஆண்டு இல்லை! நோட்டீஸ் அடிப்பவர் அடுத்த வாரத்தை மட்டுமே நினைத்து அடிக்கிறார். ஐம்பது ஆண்டு கழித்து நாம் தேடுவோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

காகிதம் பழுப்பேறியிருக்கிறது, ஆகவே மிகப் பழையது என்று மாணவன் சொன்னான். அது சரியான காரணமல்ல. மலிவான மரக்கூழ்க் காகிதம் வெயிலில் சில வாரம் கிடந்தாலே பழுப்பாகிவிடும். நிறத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள்.

முதல் படி, படம் வெளியான நாள். 'எங்க வீட்டுப் பிள்ளை' தமிழகத்தில் 1965 பொங்கலன்று வெளிவந்தது. ஆகவே நோட்டீஸ் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஆனால் தோட்டத்துத் திடலுக்குப் பழைய படங்களும் வருமாதலால், எவ்வளவு பிற்பட்டது என்பது இன்னும் தெரியவில்லை.

இரண்டாம் படி, கிழமை. ஒரு தேதி ஒவ்வோர் ஆண்டும் ஒரு கிழமை முன்னே நகரும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை நகரும். கைப்பேசி நாட்காட்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தோம். 1965-இல் ஜூலை 9 வெள்ளிக்கிழமை. 1966-இல் சனிக்கிழமை. அதற்குப் பிறகு 1983 வரை அந்தத் தேதி சனிக்கிழமையில் வருவது 1977-இலும் 1983-இலும்தான். இத்தனை ஆண்டுகளில் மூன்றே மிஞ்சின.

மூன்றாம் படி, எழுத்து. தமிழில் 'லை', 'ளை', 'னை' போன்ற எழுத்துகளை முன்பு யானைத் தும்பிக்கை போன்ற கொக்கியோடு எழுதினோம். பெரியார் தம் பத்திரிகையில் 1935-லேயே கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. நம் நாட்டு அச்சகங்களுக்கு அது பிறகே மெல்ல மெல்ல வந்தது. எங்கள் நோட்டீஸில் தும்பிக்கை இருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை: படத்தின் பெயரில் உள்ள எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெயர், பெரும்பாலும் படத்தோடு வந்த பிளாக்கிலிருந்து அடித்தது. அச்சுக்கோப்பவர் தம் பெட்டியிலிருந்து எடுத்துக் கோத்த சிறிய எழுத்துகளைத்தான் பார்க்க வேண்டும். அவற்றிலும் தும்பிக்கை இருந்தது. ஆனாலும் பழைய அச்செழுத்தை அச்சகங்கள் பல ஆண்டுகள் வைத்துப் புழங்கியதால், இதனால் 1983-ஐ முழுவதும் தள்ள முடியாது. ஐயப்பட மட்டும் முடியும்.

நான்காம் படிதான் முடிச்சை அவிழ்த்தது. அடியில் ஒரே ஒரு மலாய் வரி, 'சூமா சத்து மாலாம்', அதாவது 'ஒரே ஓர் இரவு மட்டும்'. அந்தச் 'சூ'வுக்கு 'சி', 'எச்' என்ற இரண்டு எழுத்துகள் போடப்பட்டிருந்தன. 1972-க்கு முந்திய எழுத்துமுறை! ஆக 1977-உம் 1983-உம் விழுந்தன. மிஞ்சியது 1966 ஜூலை 9.

அசல்தானா என்றும் பார்த்தோம். ஈய எழுத்தில் அழுத்தி அடித்த காகிதத்தின் பின்பக்கத்தை விரல் நுனியால் தடவினால் எழுத்தின் மேடு தட்டுப்படும். இக்கால இயந்திரத்தில் நகல் எடுத்தால் பின்பக்கம் வழவழப்பாக இருக்கும். எங்கள் நோட்டீஸில் மேடு நன்றாகத் தட்டுப்பட்டது. மடிப்புகளில் இரண்டு இடத்தில் கிழிசல் இருந்ததால் தரம் நான்கு. ஒட்டுநாடா போட்டுக் கிழிசலை மூட மாணவன் கையை நீட்டினான், தடுத்துவிட்டேன். அந்த நாடாவின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் காகிதத்தில் ஊறிவிடும்; பிறகு எளிதில் போகாது. கிழிந்த தாளை ஒட்டாமல், மடிப்பை விரித்து, வெள்ளைத் தாள்களுக்கிடையே தட்டையாக வைப்பதே போதும்.

அன்று மாலையே மாணவன் வீட்டிற்குப் போய், பாட்டியிடம் தேதியைப் படித்துச் சொன்னான். பாட்டி சிறிது நேரம் பேசவில்லையாம். பிறகு, “அந்தப் படம் பார்த்துவிட்டு வந்த விடியலில்தானடா உன் பெரியப்பன் பிறந்தான்” என்றாராம். அந்தப் பெரியப்பா பதினெட்டு வயதில் லாரி விபத்தில் இறந்தவர். அவருக்கு ஒரு புகைப்படம்கூட வீட்டில் இல்லை. பெட்டியின் அடியில் கிடந்த ரசீதுகளை மறுபடியும் புரட்டியபோது அவருடைய பிறப்புப் பத்திரம் அகப்பட்டது. 1966 ஜூலை 10, ஞாயிற்றுக்கிழமை! நாங்கள் எழுத்தைப் பார்த்துப் போட்ட கணக்கும், பெற்றவளின் நினைவும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

சிகரெட் அட்டையையும் லேபலையும், இன்ன ஆண்டு, இன்ன குறை, நான்காம் தரம் என்று துண்டுத் தாளில் எழுதி, தனியாக விலை பேசப் போகிறான். நோட்டீஸ் விற்பனைக்கு இல்லை. தரம் பார்க்கும் கணக்கில் அதுவும் நான்காம் தரம்தான். ஆனால் பட்டணத்து வீட்டில் பெட்டிக்குத்தான் இடமில்லை. ஒரு தாளுக்கு இடமிருக்கிறது. பாட்டியின் தலையணைக்கு அருகே, மொத்த அட்டை ஒன்றுக்குள் அது தட்டையாகக் கிடக்கிறது.